டக்கரிலிருந்து அபுஜா வரை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரும் உலக வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து நாள்தோறும் பார்ப்பார்கள். பார்க்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். பெயரே இல்லாத அவுட்லைன் மேப் ஒன்றைக் கையில் கொடுத்து டோகோ எங்கே என்று கேட்டால் பேனா அந்தரத்தில் நின்றுவிடும். கண்ணில் பட்டதை அடையாளம் காண்பது ஒரு வேலை, ஒன்றுமில்லாத தாளில் நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு வேலை. ஷானா கார்பென்டர், ஹரால்ட் பாஷ்லர் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வரைபடங்களில் சோதித்தது. விடுபட்டிருப்பது எது என்று யோசித்துச் சொல்லிப் பழகியவர்கள், அதே நேரத்தை வரைபடத்தைப் பார்ப்பதில் செலவிட்டவர்களைவிடப் பிறகு நன்றாக வரைந்து காட்டினார்கள்.

பலரும் தடுமாறும் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். செனெகல் முதல் நைஜீரியா வரை 11 நாடுகள். மொத்தமாக உருப்போட்டால் நாலாவது பெயரிலேயே குழப்பம் வரும். அதனால் முதலில் கரையின் வடிவத்தைப் பாருங்கள். செனெகலிலிருந்து கரை தென்கிழக்காகச் சரிந்து இறங்குகிறது. லைபீரியா முடியும் இடத்தில் திரும்பிக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அந்தத் திருப்பம்தான் நமக்கு எல்லைக்கல். சரிவில் ஆறு நாடுகள்: செனெகல், காம்பியா, கினி-பிசாவு, கினி, சியரா லியோன், லைபீரியா. கிழக்கே ஓடும் கரையில் ஐந்து: ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா.

முதல் நாள் சரிவை மட்டும் எடுங்கள். அட்லஸை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். வெற்றுத் தாளில் நீல மையில் தெரிந்ததை எழுதுங்கள், தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதன்பிறகுதான் அட்லஸைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பில் திருத்த வேண்டும். அட்லஸைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு பார்த்து எழுதினால் கைக்குத்தான் பயிற்சி, நினைவுக்கு அல்ல.

சிவப்பு மை நிறைய சொல்லும். பெயரே வரவில்லை என்றால் இன்னும் சில முறை எழுதிப் பார்க்கலாம். பெயர் வந்து இடம் மாறியிருந்தால், திரும்பத் திரும்ப எழுதுவது அவ்வளவாக உதவாது. டோகோவையும் பெனினையும் பலர் மாற்றிப்போடுவார்கள், இரண்டுமே தெற்கு வடக்காக நிற்கும் ஒடுங்கிய நாடுகள். மேற்கே, கானாவை ஒட்டியிருப்பது டோகோ. அது இன்னும் ஒடுக்கம். கிழக்கே, நைஜீரியாவை ஒட்டியிருப்பது பெனின். அது மேலே போகப் போக அகன்று, நைஜர் நாட்டைத் தொடுகிறது. டோகோ அந்த எல்லையை எட்டுவதில்லை. இப்படி ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்துத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தால் மாற்றிப்போடுவது குறையும். காம்பியாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆற்றின் இரு கரையிலும் நீண்டு, மூன்று பக்கமும் செனெகல் சூழ்ந்த மெல்லிய கீற்று அது.

தலைநகரங்களை நாடுகள் இடம்பிடித்த பிறகு சேர்ப்பது நல்லது. பெயரை மட்டும் எழுதாமல் புள்ளி வைத்து எழுதுங்கள். இங்கே ஒரு வசதி உண்டு. டக்கர், பான்ஜுல், பிசாவு, கொனாக்ரி, ஃப்ரீடவுன், மன்ரோவியா, அக்ரா, லோமே, போர்ட்டோ-நோவோ எல்லாம் கடலோரத்திலோ அதை ஒட்டியோ இருப்பவை. உள்நாட்டில் இருப்பவை ஐவரி கோஸ்டின் யாமுசுக்ரோவும் நைஜீரியாவின் அபுஜாவும் மட்டுமே. பழைய துறைமுகத் தலைநகரங்களான அபிஜானையும் லாகோஸையும் விட்டு நாட்டின் நடுப்பகுதிக்கு மாற்றியதால் வந்த விதிவிலக்கு இது. இவ்விரண்டையும் தனியாக நினைவில் வைத்தால் மற்ற ஒன்பதுக்கும் கரையோரப் புள்ளி போதும். லோமேயின் புள்ளியைக் கானா எல்லையை ஒட்டியே வையுங்கள்.

எல்லாம் சரியாக வரத் தொடங்கும்போது ஒரு சிக்கல் மறைந்திருக்கும். செனெகலில் தொடங்கினால் வரிசையாக ஒப்பித்துவிடலாம், பெனினை மட்டும் தனியே கேட்டால் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அது பாட்டு மனப்பாடம், இட அறிவு அல்ல. இதைக் கண்டுபிடிக்க, நாடுகளின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, வந்த வரிசையில் குறியுங்கள். தலைநகரைச் சொல்லி நாட்டைக் குறிப்பதையும் பழகுங்கள். எண் போட்ட வினாத்தாளிலேயே பழகினால் நாட்டின் வடிவத்துக்குப் பதில் எண் மனதில் பதிந்துவிடும், ஆகவே வேறு அளவில் அச்சான தாள்களையும் பயன்படுத்துங்கள்.

மறுநாள், மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு நிரப்புங்கள். ஒருமுறை சரியாக எழுதிய நாடுகளையும் ஒதுக்காதீர்கள். உள் எல்லைகள் அச்சான தாள் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கடற்கரைக் கோடு மட்டும் உள்ள தாளில், எல்லைகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அதில் 11-ம் தங்கள் இடத்தில் அமர்ந்தால் உள்நாடுகளைச் சேர்க்கலாம்: கானாவுக்கும் டோகோவுக்கும் மேலே புர்கினா ஃபாசோ, அதற்கு வடக்கிலும் மேற்கிலும் மாலி, கிழக்கே நைஜர்.