41-ஆ, 47-ஆ?

பேட்டரி அட்டையில் 'சராசரி ஆயுள் 40 மணி நேரம்' என்று அச்சிட்டிருக்கிறது. ஒருவர் ஒன்பது பேட்டரிகளை ஒரே ரக டார்ச்சில் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் தாங்கிய மணி நேரத்தை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை செல்போனில் படமெடுத்து நமக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 38, 41, 37, 39, 40, 36, 38, 39, 34. சராசரி 38. சொன்னதற்கு 2 மணி நேரம் குறைவு.

அதற்காகக் கம்பெனி ஏமாற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது. எல்லா பேட்டரியும் ஒரே அளவு உழைப்பதில்லை. சுமாரான ஒன்பது தற்செயலாக நம் கையில் சிக்கியிருக்கலாம். சாம்பிள் சிறியதாக இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்று 1908-இல் வழி சொன்னவர் வில்லியம் கோசெட். டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அதுதான் டி சோதனை.

முதலில் இரண்டு கருதுகோள்கள். இன்மைக் கருதுகோள்: உண்மையான சராசரி 40 மணிதான். மாற்றுக் கருதுகோள்: 40-க்கும் குறைவு. எண்களைப் பார்ப்பதற்கு முன்பே இவற்றை எழுதிவைத்துவிட வேண்டும். பார்த்தபின் நமக்குச் சாதகமான பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது கள்ளாட்டம்.

அடுத்து, எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது. ஒவ்வொன்றும் 38-இலிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 36. ஒன்பதில் ஒன்று குறைத்து 8-ஆல் வகுத்தால் 4.5, அதன் வர்க்கமூலம் 2.12. இதுதான் திட்ட விலக்கம். ஒன்பதின் வர்க்கமூலமான 3-ஆல் இதை வகுத்தால் 0.71. நம் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதற்கான அளவு இது.

t = (38 − 40) ÷ 0.71 = −2.83

அட்டவணையில் 8-க்கு நேரே, 5 சதவீதத்துக்கான எல்லை −1.86. நம் எண் அதையும் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். ஆனால் 1 சதவீதம் என்று கெடுபிடி காட்டினால் எல்லை −2.90. அங்கே கம்பெனி மயிரிழையில் தப்பிவிடும்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். 41-இன் ஒன்றுக்கு மேலே சிறு கொக்கி இருந்து, அதை 47 என்று படித்துவிட்டால்? சராசரி 38.67 ஆகிறது; அதைவிட மோசம், சிதறல் 3.61-க்குப் போய்விடுகிறது. டி வெறும் −1.11. தீர்ப்பே தலைகீழ்! ஒரே ஓர் எண் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் நோட்டை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் அவர் போட்ட கூட்டுத்தொகை 342 என்றிருந்தால் 47-க்கு இடமே இல்லை.

ஒன்பதும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்தவை என்றால் இத்தனை கணக்கும் அந்த ஒரு தயாரிப்புத் தொகுதியைப் பற்றி மட்டும்தான் பேசும். கடைக்குக் கடை மாற்றி வாங்கியிருந்தால்தான் கம்பெனியைக் கேள்வி கேட்கலாம்.