தாழ்ந்த வெயிலில் ஆழ்ந்த நிழல்

பாலைவன வீட்டை த்ரீடி படமாக வரைபவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். மணல் நிறச் சுவரில் மாலை வெயில் பொன்னாக விழ வேண்டும், தாழ்வாரத்துக்குள் நிழல் கருத்து நிற்க வேண்டும். கட்டுவதற்கு முன்பே வீட்டைக் காட்டும் இந்தக் கணினிப் படங்களை ரெண்டர் என்கிறார்கள். பாலைவன ரெண்டர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒட்டாமல் தெரியும். அவை கேட்கிற இரண்டு காரியங்களும் ஒன்றோடொன்று மோதுவதே அதற்குக் காரணம். சூரியன் இறங்க இறங்க வெயில் கூரைக்கு அடியில் நுழைந்துவிடும். உச்சி வெயிலில் குளிர்ந்து கிடக்கும் தாழ்வாரம், மாலையில் முழுக்க வெளிச்சமாகிவிடலாம். அப்படியானால் தாழ்ந்த வெயிலையும் ஆழ்ந்த நிழலையும் ஒரே படத்தில் எப்படிக் கொண்டுவருவது?

ஜெய்சல்மேரை எடுத்துக்கொள்வோம். தார் பாலைவன நகரம். மஞ்சள் மணற்கல்லால் எழுந்த ஊர். அங்கே ஒரு மாடியில்லா வீடு என்று வைத்துக்கொள்வோம். அதன் தெற்குப் பக்கம் 9 மீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்வாரம் இருக்கிறது. ஆழம் 1.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். தென்மேற்கு மூலையிலிருந்து பார்க்கிறோம். மேற்குச் சுவரும் தெற்குத் தாழ்வாரமும் ஒரே சட்டகத்தில் வருகின்றன.

முதலில் மேற்குச் சுவர். சூரியன் தொடுவானத்துக்கு மேலே 15 பாகையில், ஏறக்குறைய நேர் மேற்கில் நிற்கிறது. அங்கே 1.5 மீட்டர் சன்ஷேடு போட்டாலும் சுவரின் மேல்பகுதியில் 40 சென்டிமீட்டருக்குத்தான் நிழல் விழும். மீதிச் சுவர் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். மேற்கில் ஆழ்ந்த நிழலைத் தேடுவதில் பயனில்லை. அதைப் படத்தின் ஒளிப் பக்கமாக விட்டுவிட வேண்டியதுதான்.

இனி தெற்கு. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தேதி. மார்ச் 21-ஐ ஒட்டி, மாலை ஐந்தே முக்கால் வாக்கில் ஜெய்சல்மேரில் சூரியன் அந்த 15 பாகைக்கு இறங்கும். அப்போது வெயில் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு, பக்கவாட்டில் வரும். தாழ்வாரத்தின் மேற்கு முனையை ஒரு சுவரால் அடைத்திருந்தால், 1.5 மீட்டர் நீட்டிய அந்த ஒற்றைச் சுவர் 11 மீட்டர் நீளத்துக்கு நிழல் தரும். நம் 9 மீட்டர் தாழ்வாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. முனையைத் திறந்து விட்டாலோ கூரை இருந்தும் பயனில்லை. அதே வெயில் பக்கவாட்டில் உள்ளே புகுந்து, மேற்கு முனைக்கு அருகே சுவரை அடிவரை நனைத்துவிடும். மாலை நிழலைத் தருவது கூரை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கில் அந்த வேலையைச் செய்வது பக்கச் சுவர்.

அதே வீட்டை டிசம்பர் 21-ல் பாருங்கள். மாலை நான்கரைக்குச் சற்றுப் பின் சூரியன் மறுபடியும் 15 பாகைக்கு வரும். ஆனால் குளிர்காலச் சூரியன் தென்மேற்கில் இருக்கிறது. பக்கச் சுவரின் நிழல் 2 மீட்டரோடு நின்றுவிடும். கூரையின் நிழல் 67 சென்டிமீட்டர்தான் இறங்கும். தாழ்வாரத்தின் பெரும்பகுதி வெயிலில் குளிக்கும். குளிர்காலத்தில் அந்த வீட்டில் வசிப்பவருக்கு அது சுகம். ஆழ்ந்த நிழல் கேட்ட படக்காரருக்குத்தான் ஏமாற்றம்.

ஆகவே சூரியனைக் கண் போன போக்கில் நகர்த்துவது சரியல்ல. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் `Sun Position` என்றொரு கருவி இருக்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் ஆகியவற்றைக் கொடுத்தால் சூரியனை உரிய இடத்தில் நிறுத்தும். இரண்டு இடங்களில் தவறு நேர்வது வழக்கம். ஒன்று, நேர வலயத்தில் 5.5 கொடுக்க மறப்பது. மாலை என்று நினைத்த வெயில் வேறு பொழுதின் வெயிலாகிவிடும். மற்றொன்று, வரைபடத்தின் வடக்கும் மென்பொருளின் வடக்கும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விடுவது. நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்று வீட்டுப் பிளானோடு ஒருமுறை ஒப்பிட்டால் இரண்டுமே பிடிபட்டுவிடும்.

சூரியன் சரியான இடத்துக்கு வந்த பிறகு நிறம். சுவரின் நிறத்தை எடுக்க நிறையப் பேர் மாலையில் எடுத்த கல் புகைப்படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏற்கெனவே பொன்வெயில் ஏறியிருக்கும். அதன்மேல் இன்னொரு பொன்வெயிலைப் போட்டால் சுவர் ஆரஞ்சுப் பழம்போல் ஆகிவிடும். மேகமூட்டத்தில் எடுத்த படத்தைத்தான் அடிநிறமாக வைக்க வேண்டும். பார்க்கும்போது அது சோகையாக, சாம்பல் கலந்த மஞ்சளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மஞ்சளை வெயில் தரும். எவ்வளவு வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். மணல் நிறச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பாதியையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் திருப்பித் தரும். அதைச் சுண்ணாம்பு வெள்ளைபோல் 80 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால், ஒளி சுவருக்குச் சுவர் துள்ளித் தாழ்வாரத்துக்குள்ளும் நிரம்பி, நிழலின் ஆழத்தைக் கரைத்துவிடும். நிழல் வெளிறிப்போன ரெண்டரில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

தரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சூரியன் 15 பாகையில் இருக்கும்போது அதன் ஒளி தரையில் மிகச் சாய்வாக விழுந்து பரவிப்போகும். மேற்குச் சுவருக்கோ அது ஏறத்தாழ நேராகக் கிடைக்கிறது. சுவரும் மணலும் ஒரே நிறம் என்றாலும், நேர் வெயிலை மட்டும் கணக்கிட்டால் சுவர் மூன்றரை மடங்குக்கு மேல் பிரகாசமாக இருக்க வேண்டும். முன்னாலிருக்கும் மணல் பளிச்சென்றும் சுவர் மங்கலாகவும் ஒரு மாலைப் படத்தில் தெரிந்தால், அங்கே யாரோ தனியாக விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தாழ்வாரத்துக்குள் இருக்கும் நிழல் வெறும் கறுப்பு இல்லை. தெளிந்த வானத்தின் நீலம் ஒரு பக்கமிருந்து வந்து சுவரிலும் தரையிலும் படிகிறது. வெளியே வெயில் பட்ட மணலிலிருந்து எழும் மங்கலான வெதுவெதுப்பு கூரையின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது. அதனால் ஒரே நிழலுக்குள் சுவர் கொஞ்சம் குளிர்ந்தும் கூரை கொஞ்சம் சூடாகவும் நிற்கும். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று அங்கே ஒரு செயற்கை விளக்கை ஒளித்து வைத்தால், இந்த நுணுக்கம் முதலில் செத்துப்போகும். உள்ளே கிடக்கும் கயிற்றுக் கட்டிலின் உருவம் தெரிந்தால் போதும், கயிற்றை எண்ண வேண்டியதில்லை.

நிழலின் விளிம்பையும் பார்க்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். சுவர் முனைக்கு அருகில் நிழல் கூர்மையாகத் தொடங்கி, தள்ளிப்போகப் போக மென்மையாகும். மென்பொருளில் சூரியனின் அளவைச் சுழியத்தில் வைத்தால் எல்லா விளிம்பும் கத்தரியால் வெட்டியதுபோல் வரும். மூன்று நான்கு பாகை வைத்தாலோ மேகம் மறைத்த வெயில்போலாகி, வறண்ட காற்றின் தெளிவு போய்விடும்.

கடைசியாகச் செடிகள். பெரிய கைகள் விரித்த உயரமான சகுவாரோ கள்ளியைத் தார் வீட்டின் முன் நட்டிருக்கும் படங்கள் ஏராளம். அது அரிசோனாவையும் மெக்சிகோவையும் ஒட்டிய சொனோரா பாலைவனத்துச் செடி. ஜெய்சல்மேருக்குப் பக்கத்தில் நிற்பது கேஜ்ரி மரம், தமிழில் வன்னி. அதன் சிறிய இலைகளின் நிழல் மேற்குச் சுவரில் விழுந்தால் சல்லடையாகத் தெரியும். 4 மீட்டர் உயர வன்னியின் நிழல், அந்த 15 பாகை வெயிலில், சமதரையில் 15 மீட்டர் நீளும். வீட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, மேற்கே நட்டாலும் அதன் தலை நிழல் சுவரில் ஏறிவிடும். படத்துக்கு அது வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு மரத்தை வைப்பது நல்லது.