ஒருமுறை கூட்டு, பிறகு கழித்தால் போதும்

மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்க்கிறார். எந்த நாளில் எத்தனை யூனிட் ஓடியது என்ற விவரம் அவருக்குத் தேவையில்லை. இன்றைய அளவிலிருந்து போன முறை எடுத்த அளவைக் கழித்தால் இரண்டு மாதச் செலவு தெரிந்துவிடும். மாட்டிய நாளிலிருந்து மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வருவதுதான் இதற்குக் காரணம். புரோகிராம் எழுதுபவர்கள் ‘ப்ரிஃபிக்ஸ் சம்’ என்று சொல்லும் உத்தியும் இதுதான்.

இதன் பலனைப் பார்க்க, போட்டி புரோகிராமிங் பழகுபவர்கள் பலருக்கும் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். CSES பயிற்சித் தொகுப்பில் Static Range Sum Queries என்ற பெயரில் அது இருக்கிறது. இரண்டு லட்சம் எண்கள் வரை வரிசையாகத் தருவார்கள். பிறகு, ‘இந்த இடம் முதல் அந்த இடம் வரை உள்ள எண்களின் மொத்தம் என்ன?’ என்று இரண்டு லட்சம் கேள்விகள் வரை கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பகுதியை முதலிலிருந்து கூட்டினால், மோசமான நிலையில் 4,000 கோடி கூட்டல்கள் செய்ய வேண்டியிருக்கும். வினாடிக்கு நூறு கோடி கூட்டல் செய்யும் கணினிக்கே அதற்கு 40 வினாடி ஆகும். கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம் கூட்டல், இரண்டு லட்சம் கழித்தல் என்று வேலை முடிந்துவிடும்.

எட்டு நாள் மழையளவை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். மில்லிமீட்டரில் அவை 12, 0, 7, 31, 4, 0, 18, 9 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 0 என்று எழுதி, அதன்பின் ஒவ்வொரு நாள் வரையிலான மொத்தத்தையும் எழுதினால் 0, 12, 12, 19, 50, 54, 54, 72, 81 என்று புதிய பட்டியல் வரும். மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை எவ்வளவு மழை? ஆறாம் நாள் வரையிலான மொத்தம் 54. இரண்டாம் நாள் வரையிலான மொத்தம் 12. கழித்தால் 42. நேராகக் கூட்டினாலும் 7, 31, 4, 0 சேர்ந்து அதே 42தான். எட்டு நாளுக்குப் பதில் எட்டு லட்சம் நாள் இருந்தாலும் விடைக்கு அந்த ஒரு கழித்தல் போதும்.

பைத்தான் மொழியில் இதை எழுத ஐந்து வரிகள்தான்:

```python
p = [0]
for x in rain:
    p.append(p[-1] + x)

def total(l, r):
    return p[r] - p[l - 1]
```

வரிகள் குறைவு என்றாலும், பழகுபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இதற்குள் இருக்கின்றன. முதலாவது, `l - 1` என்பதற்குப் பதில் `l` என்று எழுதிவிடுவது. மூன்றாம் நாள் முதல் கேட்டால் மூன்றாம் நாள் வரையிலான மொத்தத்தைக் கழிக்கக் கூடாது. கழித்தால் அந்த நாளின் 7 மில்லிமீட்டரும் சேர்ந்து போய்விடும். 42 வர வேண்டிய இடத்தில் 35 வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே ஒரு நாளை மட்டும் கேட்டுப் பார்ப்பது. நான்காம் நாள் முதல் நான்காம் நாள் வரை என்று கேட்டால் 31 வர வேண்டும். 0 வந்தால் தவறு அங்கேதான். இரண்டாம் நாளையோ ஆறாம் நாளையோ கேட்டுச் சோதித்தால் தவறு வெளியே தெரியாது. அன்று மழையே இல்லை என்பதால் தவறான புரோகிராமும் சரியான விடையையே காட்டும்.

முன்னால் வைத்த பூஜ்யத்தைத் தேவையில்லை என்று நீக்கிவிடுவது இரண்டாவது தவறு. அப்போது பட்டியல் நேராக 12இல் தொடங்கும்; நாள்களையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டிவரும். முதல் மூன்று நாளின் மொத்தத்தைக் கேட்டால் புரோகிராம் `p[2] - p[-1]` என்று கணக்கிடும். பைத்தானில் `p[-1]` என்றால் பட்டியலின் கடைசி எண். ஆகவே 19இலிருந்து 81ஐக் கழித்து, மழையளவு −62 என்று விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் நாளில் தொடங்கும் கேள்விகள் மட்டும் கெட்டு, மற்றவை சரியாக இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அந்த ஒற்றைப் பூஜ்யம் இருந்தால் இதற்கென்று தனி நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது சிக்கல் சி++ போன்ற மொழிகளில் வரும். CSES கணக்கில் ஒவ்வோர் எண்ணும் நூறு கோடி வரை போகலாம். இரண்டு லட்சம் எண்களைக் கூட்டினால் மொத்தம் 200 லட்சம் கோடியை எட்டும். சாதாரண `int` தாங்குவதோ சுமார் 214 கோடிதான். சின்னச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்து, பெரிய சோதனைகளில் திடீரென எதிர்மறை எண்கள் எட்டிப்பார்த்தால் கூட்டுத்தொகை அளவை மீறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். `long long` என்று மாற்றினால் தீரும்.

இதே உத்தியைப் படங்களுக்கும் நீட்டலாம். படம் என்பது கணினிக்கு எண்களால் நிரம்பிய ஒரு கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும், படத்தின் இடது மேல் மூலையிலிருந்து அதுவரை உள்ள செவ்வகத்தின் மொத்தத்தை எழுதி வைக்கிறார்கள். நடுவில் உள்ள ஒரு செவ்வகத்தின் மொத்தம் வேண்டுமானால், அதன் வலது கீழ் மூலையில் உள்ள மொத்தத்தை எடுத்து, மேலே இருக்கும் பகுதியையும் இடப்பக்கம் இருக்கும் பகுதியையும் கழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் மூலைப் பகுதி இருமுறை கழிந்துவிடுவதால் அதை ஒருமுறை திரும்பக் கூட்ட வேண்டும். செவ்வகம் எவ்வளவு பெரிதானாலும் நான்கு எண்களைப் பார்த்தால் போதும். கணினி வரைகலைக்காக ஃபிராங்க்ளின் குரோ 1984இல் இதை முன்வைத்தார். 2001இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் படத்தில் முகங்களைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தினார்கள். கண் பகுதி கன்னத்தைவிடக் கறுத்துத் தெரியும் என்பது போன்ற ஒப்பீடுகளைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. செவ்வகங்களின் மொத்தம் உடனே கிடைத்ததால் அது நடைமுறைக்கு வரும் வேகத்தில் முடிந்தது.

இந்த உத்தி கைகொடுக்காத இடங்களும் உண்டு. மூன்றாம் நாள் மழையளவைத் தவறாகப் பதிந்துவிட்டோம், 7 அல்ல 17 என்று திருத்தினால், அதிலிருந்து கடைசி வரை எல்லா மொத்தங்களையும் மாற்ற வேண்டும். கேள்விகளுக்கு நடுவே திருத்தங்களும் அடிக்கடி வருமானால் பீட்டர் ஃபென்விக் 1994இல் விவரித்த ஃபென்விக் ட்ரீ போன்ற அமைப்புதான் பொருத்தம். இரண்டு லட்சம் எண்களுக்கு அதில் ஒரு திருத்தமோ ஒரு கேள்வியோ அதிகபட்சம் 18 படிகளில் முடியும். அதேபோல, இடைப்பட்ட நாள்களில் அதிகபட்ச மழை எது என்ற கேள்விக்கும் இது உதவாது. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை ‘அதுவரையிலான அதிகபட்சம்’ 31தான். அந்த எண்களை வைத்துக்கொண்டு, ஐந்தாம் நாளுக்குப் பிறகு அதிகபட்சம் 18 என்று எப்படிக் கழித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டியதைக் கழித்து எடுக்கலாம்; அதிகபட்சத்தை அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை.

ஆகவே, புரோகிராம் எழுத உட்காரும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்கள் இடையில் மாறுமா? சேர்த்ததைத் திரும்பக் கழிக்க முடியுமா? எண்கள் மாறாது, கழிக்கவும் முடியும் என்றால் ப்ரிஃபிக்ஸ் சம்மைத் தாண்டி வேறெதையும் தேட வேண்டியதில்லை.