சுவர்ப் படத்தை செல்போனில் எடுத்தால் தாத்தா முகம் ஏன் நீளுகிறது? பிரேமை நீக்கும் முன் கவனிக்க வேண்டியவை

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வாசல்நிலைக்கு மேலே மாட்டியிருக்கும் படங்கள்தான். ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கீழே நிற்பவருக்குத் தெரியும்படி முன்பக்கம் சாய்த்திருப்பார்கள். வெளியூரில் இருக்கும் பேரன், பேத்திக்கு அதில் ஒரு பிரதி வேண்டும் என்றால், "இறக்காதீங்க, போட்டோ கண்ணாடியோட ஒட்டிப்போச்சு" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் முகமே கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். அதனால் பிரேமோடு படமெடுத்து, பிறகு சுவரையும் சட்டத்தையும் மவுண்ட் அட்டையையும் வெட்டி நீக்குவதே வழி.

ஆனால், தரையில் நின்று அண்ணாந்து எடுக்கும்போது முதல் இழப்பு அங்கேயே நடந்துவிடுகிறது. சட்டத்தின் கீழ்க்கட்டை கண்ணாடியைவிட முன்னே துருத்தி நிற்பதால், படத்தின் அடிப்பகுதியில் ஒரு கீற்றை அது மறைத்துவிடும். ஸ்டூடியோ பெயர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். மறைந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஸ்டூலில் ஏறி, படத்தின் நடுப்பகுதிக்கு நேராக போனைப் பிடிக்க வேண்டும். மிக நெருங்கினால் நேரான சட்டமும் வில்லாக வளையும் என்பதால், கொஞ்சம் பின்வாங்கி 2x ஜூமில் எடுப்பது நல்லது.

என்ன செய்தாலும் கொஞ்சம் கோணல் இருக்கவே செய்யும். அதைச் சரிசெய்த பிறகே வெட்ட வேண்டும். கோணலான படத்தை அப்படியே செவ்வகமாக வெட்டினால், ஒரு மூலையில் ஆப்பு வடிவில் சுவர் தங்கும்; அதைத் தவிர்க்க உள்ளே தள்ளி வெட்டினால் இன்னொரு மூலையில் யாருடைய தோளாவது போய்விடும்.

இலவச மென்பொருளான GIMP-இல் Perspective கருவியைத் தேர்ந்தெடுத்து, Direction என்ற இடத்தில் Corrective (Backward), Clipping என்ற இடத்தில் Adjust என்று வைக்க வேண்டும். திரையில் தெரியும் நான்கு கைப்பிடிகளையும் படத்தின் நான்கு மூலைகளுக்கு இழுக்க வேண்டும். சட்டத்தின் மூலைகளுக்கு அல்ல! பல வருடம் தொங்கியதில் படம் சட்டத்துக்குள்ளேயே நழுவிச் சாய்ந்திருக்கும். மவுண்ட்டைக் கையால் கோணலாக வெட்டியிருப்பதும் உண்டு. சட்டத்தை நேராக்கினால் சட்டம்தான் நேராகும்.

தாத்தாவின் முகம் நீளுவது இந்தக் கட்டத்தில்தான். இந்தக் கருவி, நாம் குறித்த நான்கு மூலைகளையும் செல்போன் படத்தின் முழு அளவுக்கு இழுத்துப் பொருத்திவிடும். சுவரில் இருப்பது 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள படம் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் படம் 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். நேராக்கியதும் 10-க்கு 12 ஆக இருந்தது 3000-க்கு 4000 ஆகிவிடுகிறது. உண்மையில் உயரம் 3600 தான் இருக்க வேண்டும். கூடுதலான 400 பிக்சலும் முகத்தை நீட்டிவிடும். பார்ப்பவர்கள் "அந்தக் காலத்துல ஒல்லியா இருந்தாரு போல" என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதனால் ஸ்டூலில் இருந்து இறங்கும் முன் டேப் வைத்து, கண்ணாடி வழியே தெரியும் படத்தின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொள்வது அவசியம். நேராக்கிய பிறகு Fit Canvas to Layers கொடுத்தால் சுற்றியுள்ள சுவரும் சட்டமும் தெரியும். Crop கருவியால் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, Scale Image-இல் சங்கிலிக் குறியை அவிழ்த்துவிட்டு 3000, 3600 என்று கொடுத்தால் முகம் பழையபடி ஆகிவிடும்.

வெட்டும்போது கோட்டை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளிலும் பொருந்தி நடுவில் மட்டும் விலகினால், அட்டை உப்பியிருக்கிறது அல்லது லென்ஸ் வளைத்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு மூலைகளை இழுப்பதால் அது தீராது. அந்த ஓரத்தில் மவுண்ட் ஒரு நூல் அளவு தெரிந்தாலும் பரவாயில்லை, படத்தில் கைவைக்க வேண்டாம்.

வெட்டாத முதல் படத்தையும் அழிக்கக் கூடாது. நினைவுப் படங்களில் 'தோற்றம்', 'மறைவு' தேதிகளை மவுண்ட்டிலோ சட்டத்தின் கீழ்ப்பட்டையிலோ எழுதுவது நம் வழக்கம். சில குடும்பங்களில் அந்தப் பெரியவர் இறந்த தேதிக்கு வேறு எழுத்தே இருக்காது. கிராப் செய்ததும் முதலில் போவது அந்த வரிதான். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைத் திரட்டி மின்னாக்கம் செய்திருக்கிறது. இப்படிப்பட்ட படங்களை ஆராய்பவர்களுக்கு அட்டையில் உள்ள ஸ்டூடியோ பெயரும் ஊரும் முகத்துக்கு இணையான தகவல்கள். எனவே வாட்ஸ்அப் குழுவுக்கு வெட்டிய படம் போகட்டும். சுவரோடும் பிரேமோடும் எடுத்த படம், அளவுக் குறிப்புடன் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.