பெங்களூருக்கு வர முடியாது என்பதை எப்போது சொல்வது?

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம் என்றால் இப்போது ஜவுளிப் பூங்காதான் பேச்சு. 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா பூங்கா வரப்போகிறது என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. தையல் தெரிந்தவர்களுக்கு அங்கே வழி பிறக்கலாம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஐந்து வருட அனுபவம் உள்ள பெண்ணுக்கு அழைப்பு என்னவோ பெங்களூரிலிருந்துதான் வரும்.

அப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கணவர் திருச்சுழிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து கூட்டிவர வேண்டும். போனில் கேட்கிறார்கள்: “மேடம், ரீலொகேட் பண்ண ஓகேவா?”

“பார்த்துக்கலாம் சார்” என்று சொல்லிவைப்பதுதான் நம்மூர் வழக்கம். முதல் போனிலேயே மறுத்தால் வாய்ப்பு போய்விடுமே என்ற பயம். ஆனால் மூன்று ரவுண்டு முடிந்து, ஆஃபர் வந்து, பழைய கம்பெனியில் ராஜினாமாவும் கொடுத்தபின் இதே விஷயத்தைச் சொன்னால் இரண்டு வேலையும் கையில் இருக்காது.

போனில் பேசுபவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கன்சல்டன்சி ஆள் என்றால், நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பணம். பெரும்பாலும் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. தொண்ணூறு நாளுக்குள் நீங்கள் விலகினால் வேறு ஆளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆக, “முதல்ல சேருங்க மேடம், மூணு மாசம் கழிச்சு மேனேஜரிடம் பேசிக்கலாம்” என்பது அவருக்கு வசதியான பதில். கம்பெனியின் சொந்த எச்.ஆர். என்றாலும் அவர் கையில் இருப்பது ‘பெங்களூர்’ என்று நிரப்பப்பட்ட ஒரு படிவம்தான். அதை மாற்றும் அதிகாரம் ஆள் கேட்ட மேனேஜருக்கு. எனவே வாதாட வேண்டாம். மேனேஜரிடம் எடுத்துப் போவதற்கு ஒரு செய்தியைக் கொடுத்துவிடுங்கள்.

“சார், என் கணவர் மாநில அரசு வேலையில் இருக்கிறார், வேறு மாநிலத்துக்கு மாற்றல் கிடையாது. அதனால் நான் குடிமாற முடியாது. முதல் ரெண்டு வாரம் அங்கே வந்து பயிற்சி எடுத்துக்கிறேன், பிறகு மூணு மாசத்துக்கு ஒரு முறை வர்றேன். மத்த நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜர் சம்மதிப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க. சம்மதம்னா நேர்காணலுக்குத் தயார்.”

இதில் மாமியார் இல்லை. கணவரின் அரசு வேலைக்கு எதிர்க்கேள்வி குறைவு. வயதானவர்களின் உடம்பைப் பற்றிச் சொன்னால், ‘அடிக்கடி லீவு போடுவாள்’ என்று மறுமுனையில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லைதான். மறைக்கவும் வேண்டாம்: மேனேஜரே பேசும்போது, நோயின் பெயரை விட்டுவிட்டு, “செவ்வாய், வெள்ளி மதியம் நான்கு மணி நேரம் இருக்க மாட்டேன், அதை இரவில் ஈடுகட்டுவேன்” என்று நேரமாகச் சொன்னால் போதும்.

‘முடியாது’ என்று பதில் வந்தால், முடியாது என்பது கம்பெனியா, கிளையண்டா என்று கேளுங்கள். வங்கி, மருத்துவத் தகவல் தொடர்பான சில வேலைகளில், அலுவலகத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று கிளையண்ட் ஒப்பந்தத்திலேயே இருக்கும். மேனேஜர் நினைத்தாலும் தளர்த்த முடியாது. அப்போது வேறு புராஜெக்ட் உண்டா என்று கேட்கலாம். கம்பெனியின் விதி என்றால், மதுரையில் கிளை இருக்கிறதா என்று கேட்கலாம். எச்.சி.எல். போன்றவை அங்கே இருக்கின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், வாரம் இரண்டு நாள் என்றால் தாங்கும். ஜோஹோ 2011 வாக்கில் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டதிலிருந்து, ஊர்ப்பக்க அலுவலகம் என்ற பேச்சைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

மேனேஜர் சரி என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆஃபர் லெட்டரில் ‘பணியிடம்: பெங்களூர்’ என்றும், ‘நிறுவனம் இந்தியாவில் எங்கும் மாற்றலாம்’ என்றும் அச்சடித்த வரிகள் அப்படியே இருக்கும். மேனேஜர் மாறினால் அந்த வரிதான் பேசும். ‘பணியிடம்: விருதுநகர் மாவட்டத்தில் வீடு; அலுவலகத்துக்கு வர வேண்டிய நாட்கள் இத்தனை; பயணச் செலவு யாருடையது’ என்று லெட்டரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எச்.ஆர். மெயிலிலாவது வாங்குங்கள். அதையும் தர மறுக்கும் இடத்தை நம்பி நான் ராஜினாமா கொடுக்க மாட்டேன்.

சரி சொல்வதற்கு முன் மேனேஜர் கேட்பது கரண்ட்டையும் நெட்டையும் பற்றித்தான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை, சில நாள் மாலை வரைகூட மின்சாரம் இருக்காது. தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அதை டீமுக்கு அனுப்பிவிடலாம். ஃபைபர் மோடத்துக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ்., இரண்டாவதாக வேறு கம்பெனி சிம். ஆஃபருக்கு முன்பே ஒரு பராமரிப்பு நாளில் இவற்றை வைத்து முழு வேலைநாளும் ஓட்டிப் பார்த்தவர், ‘எத்தனை மணி நேரம் தாங்கும்?’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லலாம்.