பக்கத்து நாற்காலியின் சம்பளம்

1998-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குட்இயர் டயர் ஆலையில் இரவுப் பணிக்கு வந்த லில்லி லெட்பெட்டரின் அஞ்சல் பெட்டியில் பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. அதில் நான்கு பேரின் சம்பளம் எழுதியிருந்தது. ஒன்று அவருடையது. மற்ற மூன்றும் அவர் பார்க்கும் அதே மேற்பார்வையாளர் வேலையைப் பார்த்த ஆண்களுடையவை. 1979-இல் வேலைக்குச் சேர்ந்தவர், தான் எவ்வளவு குறைவாக வாங்குகிறோம் என்பதை 19 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டார். பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கின்படி அவருடைய மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே பொறுப்பில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர்.

நம் ஊரில் துண்டுச்சீட்டுக்கு வேலையில்லை. ஏப்ரலில் இன்க்ரிமென்ட் கடிதம் வந்த மறுநாள், டீக்கடையில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிடுகிறார்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய சி.டி.சி., அதாவது நிறுவனம் ஆண்டுக்கு அவருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஒன்பதரை லட்சம். போன வருடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு 13 லட்சம். வேலை ஒன்றே, அனுபவமும் ஏறக்குறைய ஒன்றே. மாதத்துக்கு 29 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்று மனம் உடனே வகுத்துப் பார்த்துவிடும். அன்றிரவு தூக்கம் வராது.

ஆனால் அந்த 29 ஆயிரம் உண்மையான எண் அல்ல. புதியவரின் 13 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ்: ஒரு முறை மட்டும் தருவது, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பது. ஒன்றரை லட்சம் வேரியபிள் பே: நிறுவனத்தின் இலக்கும் அவருடைய இலக்கும் எட்டப்பட்டால்தான் முழுதாகக் கிடைக்கும். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். மீதி நிலையான சம்பளம் ஒன்பதரை லட்சம். அந்தப் பெண்ணின் கணக்கில் வேரியபிள் 60 ஆயிரம், பி.எஃப். வகையறா 80 ஆயிரம் போக நிலையான சம்பளம் 8 லட்சத்து 10 ஆயிரம். ஆக, மாதாமாதம் நிச்சயமாக நிற்கும் வித்தியாசம் வரிக்கு முன் 11,700 ரூபாய்க்குள். சின்னத் தொகை இல்லைதான், 17 சதவீதம். ஆனால் டீக்கடையில் கேட்ட எண்ணில் பாதிகூட இல்லை. மேலாளர் அறையில் 29 ஆயிரம் என்று பேச ஆரம்பித்தால், அவர் இதே கணக்கைப் போட்டுக் காட்டுவார்; அதோடு பேச்சு முடிந்துபோகும்.

சரி, அந்த 17 சதவீதம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சதி எதுவும் இருக்காது, வெறும் பெருக்கல்தான். இருவரும் 6 லட்சத்தில் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் இருந்தவருக்கு ஆறு முறை 8 சதவீத உயர்வு: ஒன்பதரை லட்சம். மற்றவர் இரண்டு உயர்வு வாங்கிவிட்டு 30 சதவீதம் கூடுதலுக்கு வேறு நிறுவனம் போனார். அங்கே இரண்டு உயர்வு. பிறகு 22 சதவீதம் கூடுதலுக்கு இங்கே வந்தார். அவரும் ஆறு படிதான் ஏறினார், ஆனால் 13 லட்சத்தைத் தொட்டுவிட்டார். புதிதாக ஆள் எடுக்கும்போது சந்தை விலை கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு உயர்வுப் பட்ஜெட்டிலிருந்து கொடுத்தால் போதும். விசுவாசத்துக்கு விழும் அபராதம் என்று இதைச் சொல்லத் தோன்றும், பாதி சரிதான்.

வித்தியாசத்துக்குக் காரணம் பாலினம் என்றால் கதை வேறு. மெக்கினன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஊழியர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிதி நெருக்கடி என்று நிறுவனம் சொன்னதை 1987-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று சம்பளம் பிரிக்கக் கூடாது என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி, இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனத்தில் இரண்டு ஆண்களுக்கு இடையே, அல்லது இரண்டு பெண்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்துக்கு இந்த விதி கைகொடுக்காது. அதனால் கோபப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒருவரை மட்டும் அல்ல. அதே வேலையில் இருக்கும் ஆண்கள் வரிசையாக மேலேயும் பெண்கள் வரிசையாகக் கீழேயும் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

தெரிந்துகொள்வது மனதை என்ன செய்கிறது என்பதைப் பொருளியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தை ஒரு நாளிதழ் இணையத்தில் போட்டிருந்தது. ஊழியர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அந்தத் தளம் இருப்பதைத் தெரிவித்தார்கள். துறையின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலை மேல் அதிருப்தி கூடியது. வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே இருந்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை! கூடுதலாக வாங்குகிறோம் என்ற செய்தி யாரையும் குஷிப்படுத்தவில்லை. 2012-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தால், பக்கத்து நாற்காலிக்காரர் மேல் பொறாமைப்படுவதில்கூட லாபமில்லை என்று தெரிகிறது.

மேலாளரிடம் பேசும்போது அவர் பெயரை எடுக்காமல் இருப்பது நல்லது. நம்பிச் சொன்னவரைச் சிக்கவைப்பது ஒரு பக்கம். பெயர் வந்தவுடன் பேச்சு அவருடைய தகுதி பற்றித் திரும்பிவிடுவது இன்னொரு பக்கம். அவர் ஒரு சான்றிதழ் முடித்திருப்பார், அவருக்கு வேறொரு கருவி தெரிந்திருக்கும். அதை எதிர்த்து வாதாடிக்கொண்டிருக்க வேண்டிவரும். நேரான கேள்வி வேறு: "சார், என் பொறுப்புக்கு நம்ம கம்பெனி வச்சிருக்கிற சம்பள வரம்பு என்ன? அதுல நான் எங்க இருக்கேன்?" ஒவ்வொரு நிலைக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை, நடுப்புள்ளி என்று ஒரு வரம்பைப் பெரிய நிறுவனங்கள் மனிதவளத் துறையில் வைத்திருக்கின்றன. ஆறு ஆண்டுகள் ஆனவர் நடுப்புள்ளிக்குக் கீழே இருந்தால், அதை ஒட்டிக் கேட்கலாம். ஒரு மேலாளருக்கு அதை மேலே எடுத்துப்போவதும் எளிது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஏப்ரலில் கடிதம் வருகிறதென்றால், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் அதற்குச் சில வாரங்கள் முன்பே மேலே போயிருக்கும். கடிதம் கையில் வந்த பிறகு கேட்பவருக்கு "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பதுதான் பதில். இடையில் திருத்தும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு மேலாளர் தனியாக எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் எழுத வேண்டியதை அவருக்கே தயாரித்துக் கொடுத்துவிடலாம்: பார்க்கும் வேலை, கடைசி இரண்டு மதிப்பீடுகள், வரம்பில் இப்போதைய இடம், கேட்கும் தொகை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

வெளியில் ஒரு ஆஃபர் வாங்கிவந்து மேசையில் வைப்பது பலரும் செய்வதுதான். பலனும் கிடைக்கும். ஆனால் போகத் தயாராக இல்லாதவர் அதைச் செய்யக் கூடாது. "சரி, போங்க" என்றால் 90 நாள் நோட்டீஸ் அன்றே ஓட ஆரம்பித்துவிடும்.

லெட்பெட்டர் வழக்குப் போட்டார், நடுவர் குழுவின் முன் வென்றார். ஆனால் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சம்பளம் குறைத்து நிர்ணயிக்கப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் அவருக்கு விஷயமே தெரியாது. 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே வந்த சட்டம், பாகுபாட்டோடு தரப்படும் ஒவ்வொரு சம்பளமும் அந்தக் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும் என்று மாற்றியது. அதனால் அவருக்குக் குட்இயரிடமிருந்து ஒரு டாலரும் வரவில்லை.