ஈஆர்பி மேகத்திலா, சொந்த சர்வரிலா?

திருப்பூரின் நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஒரு ஆர்டரின் துணி பெரும்பாலும் ஆலைக்கு வெளியேதான் சுற்றுகிறது. நூல் நிட்டிங்குக்கும், துணி சாயப்பட்டறைக்கும், பிறகு காம்பாக்டிங்குக்கும் டெலிவரி சலானோடு போகிறது. ஈஆர்பி மென்பொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

சாயப்பட்டறைக்கு 1,000 கிலோ துணி போய் 930 கிலோ திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதக் குறைவு ஒப்புக்கொண்ட அளவுக்குள்தானா என்பது அன்றே தெரிந்தால் கட்டிங் திட்டத்தைத் திருத்தலாம். மேகக் கணினி முறையில், எடை போட்ட இடத்திலேயே மேற்பார்வையாளர் கைபேசியில் பதிந்துவிடலாம். சொந்த சர்வரிலும் இது முடியும். ஆனால் அதை வெளியிலிருந்து பாதுகாப்பாகத் திறந்துவைக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் சலான்கள் மேசையில் குவியும்; கணினி இருப்பும் குடோன் இருப்பும் ஒத்துப்போகாது.

இணையம் அடிக்கடி அறுந்தால் மேகமுறையில் பேக்கிங் பட்டியல் நின்றுபோகும். இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு கட்டாயம்.

செலவை ஐந்தாண்டுக்குக் கணக்கிட வேண்டும். 40 பேருக்குத் தலைக்கு மாதம் 1,500 ரூபாய் வாடகை என்றால் 36 லட்சம். சொந்த சர்வருக்கு உரிமம், ஆண்டுப் பராமரிப்பு, யுபிஎஸ், பேக்கப், நிர்வாகி சம்பளம் எல்லாவற்றையும் கூட்டியே ஒப்பிட வேண்டும்.

கம்பெனியாகப் பதிவானவை கணக்குகளின் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. மேகச் சேவை ஒப்பந்தத்தில் இதையும், விலகும்போது முழுத் தரவும் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.